டெக்சாஸில் வாங்கிய விவாகரத்து மதுரையில் செல்லுமா?

கேள்வி: "2013-ல் மதுரையில் இந்து முறைப்படி கல்யாணம். ஹூஸ்டனில் இருந்தோம், எனக்கு, கணவரின் வேலையைச் சார்ந்த தற்காலிக H-4 விசா. 2021-ல் டெக்சாஸ் கோர்ட்டில் டைவர்ஸ் ஆகிவிட்டது. கேஸ் போட்டது அவர், நானும் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வீட்டில் வேறு இடம் பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று பேசியிருக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் 'இந்திய கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க' என்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் அவர் பெயர்தான் என் சர்நேம். இங்கே மறுபடியும் டைவர்ஸ் வாங்க வேண்டுமா? எதை முதலில் செய்வது?"

மறுபடியும் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் தீர்ப்பு இங்கே நிற்குமா என்பது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் இருக்கிறது: "நானும் கையெழுத்துப் போட்டேன்." எந்தக் காகிதத்தில் போட்டீர்கள்? இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப நீதிமன்ற வழக்குகள் நடத்துகிறேன். வெளிநாட்டு விவாகரத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. மின்னஞ்சலில் வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன் என்பார்கள்.

அதற்குமுன் ஒரு தவறான செய்தியை ஒதுக்கிவிடுவோம். "அமெரிக்கா பரஸ்பர நாடு இல்லை, அதனால் அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவை அரைகுறையாகப் படித்த பேச்சு. அந்தப் பிரிவு, பரஸ்பர நாடு என்று இந்தியா அறிவித்த நாடுகளின் பணம் வசூலிக்கும் தீர்ப்பாணைகளை இங்கே நிறைவேற்றுவதைப் பற்றியது. விவாகரத்தில் வசூலிக்க எதுவும் இல்லை. ஒருவர் திருமணமானவரா, இல்லையா என்ற நிலையை அது சொல்கிறது, அவ்வளவுதான். இதற்குப் பொருந்துவது அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு. வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பு இங்கேயும் முடிவானது என்று சொல்லிவிட்டு, ஆறு விதிவிலக்குகளை அது அடுக்குகிறது. அதிகாரம் இல்லாத நீதிமன்றம் தந்தது, வழக்கின் சாரத்தை விசாரிக்காமல் தந்தது, பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்துத் தந்தது, இயற்கை நீதிக்கு மாறாகத் தந்தது, மோசடியால் பெற்றது, இந்தியச் சட்டத்தை மீறிய ஒரு கோரிக்கையைத் தாங்கிப் பிடிப்பது. இந்த ஆறில் ஒன்றிலும் சிக்காவிட்டால் தீர்ப்பு செல்லும். இங்கே யாரும் அதன்மேல் முத்திரை குத்த வேண்டியதில்லை.

விவாகரத்து விஷயத்தில் இந்த ஆறையும் எப்படிப் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல், ஒய். நரசிம்ம ராவ் எதிர் ஒய். வெங்கடலட்சுமி வழக்கில் சொன்னது. இன்றுவரை எல்லோரும் கையில் எடுப்பது அதைத்தான். கதை கிட்டத்தட்ட உங்களுடையது போலவே தொடங்கும். 1975-ல் திருப்பதியில் இந்துத் திருமணம். கணவர் அமெரிக்காவில் மிசௌரி மாநில நீதிமன்றத்தில், 90 நாள் இங்கே குடியிருந்தேன் என்று சொல்லி, திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணத்தில் தீர்ப்பு வாங்கினார். மனைவி ஆட்சேபத்தோடு ஒரு பதில் மட்டும் அனுப்பினார், நேரில் போகவில்லை. 1981-ல் கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணப் புகார் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் அந்த மிசௌரித் தீர்ப்பை ஏற்கவில்லை. குற்றவழக்கு தொடரட்டும் என்றது.

காரணம் எளிது. எந்தச் சட்டத்தின் கீழ் திருமணம் நடந்ததோ, அந்தச் சட்டம் அனுமதிக்கும் நீதிமன்றமும் அந்தச் சட்டம் அனுமதிக்கும் காரணமும்தான் அந்தத் திருமணத்தைக் கலைக்க முடியும். உங்களுக்கு அது 1955-ஆம் வருட இந்துத் திருமணச் சட்டம். இதற்கு மூன்று விலக்குகளை நீதிமன்றமே கொடுத்தது. ஒன்று, எதிர்மனுதாரர் அந்த நாட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருந்து, காரணமும் இங்குள்ள சட்டத்தில் இருப்பது. H-4 விசாவில் இருந்த நீங்கள் இதில் வரமாட்டீர்கள், இதை நம்ப வேண்டாம். இரண்டு, எதிர்மனுதாரர் தானாகவே அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு, இங்குள்ள சட்டம் ஏற்கும் ஒரு காரணத்தின் மேல் வழக்காடியிருப்பது. மூன்று, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும், எதிர்மனுதாரர் விவாகரத்துக்குச் சம்மதித்திருப்பது. நீங்கள் நிற்க வேண்டிய இடம் இந்த மூன்றாவது.

இப்போது தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். டெக்சாஸ் தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே 'அப்பியரன்சஸ்' என்ற தலைப்பில் யார் எப்படி ஆஜரானார்கள் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் எதிர்மனுதாரர் நேரில் வந்தார் என்றோ, தீர்ப்பின் நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட்டிருக்கிறார் என்றோ இருந்தால் நல்லது. "சம்மன் கொண்டுவந்து சேர்ப்பிக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார், அதற்குமேல் ஆஜராகவில்லை" என்று இருந்தால் நிலைமை வேறு. அப்புறம் கடைசிப் பக்கம். வடிவத்தையும் உள்ளடக்கத்தையும் ஒப்புக்கொள்கிறேன் என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் அது சம்மதத் தீர்ப்பு, 'அக்ரீட் ஃபைனல் டிக்ரீ' என்பார்கள். இல்லையென்றால், நீங்கள் கையெழுத்துப் போட்டது நோட்டரி முன்னால் போட்ட வெறும் சம்மன் தள்ளுபடிப் படிவமாக இருக்கலாம். ஆங்கிலத்தில் 'வெய்வர் ஆஃப் சர்வீஸ்' என்பது அதுதான்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை என்னிடம் வந்த இரண்டு வழக்குகளில் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் தீர்ப்பின் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சுருக்கொப்பம் போட்டு, கடைசியில் முழுக் கையெழுத்தும் போட்டிருந்தார். சொத்து, கார், வங்கிக் கணக்கு எல்லாம் பிரித்து எழுதியிருந்தது. இங்கே ஒருவரும் அதை அசைக்கவில்லை. இன்னொரு பெண்ணின் கணவர் "இதில் போட்டால் கோர்ட்டிலிருந்து ஆள் வீட்டுக்கு வராது" என்று சொல்லி ஒரே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். அந்தப் பெண் ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு தபாலில் வந்தது. நோட்டீஸ் வேண்டாம் என்று சொல்வது விவாகரத்துக்குச் சம்மதிப்பதாகாது. அவர் அந்தத் தீர்ப்பை ஏற்க விரும்பவில்லை, எதிர்த்தார். அவர் பக்கம் வலுவாகவே இருந்தது. உங்கள் விஷயத்தில் எதிர்க்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் உங்கள் காகிதம் இந்த இரண்டில் எந்த ரகம் என்பதைப் பொறுத்து அடுத்த வேலை மாறும்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். டெக்சாஸில் வழக்கமாக எழுதும் காரணம் 'இன்சப்போர்ட்டபிலிட்டி', அதாவது ஒத்துப்போகாமை, இனிச் சேர வழியில்லை என்பது. இந்துத் திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணமே கிடையாது. திருமணம் முறிந்துவிட்டது என்று சொல்லிக் கலைக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும், அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் உண்டு என்று 2023-ல் ஷில்பா சைலேஷ் வழக்கில் தெளிவாக்கினார்கள். அப்படியானால் சம்மதம் இருந்தும் காரணம் இல்லாத தீர்ப்பு என்ன ஆகும்? 1991 தீர்ப்பின் மூன்றாவது விலக்கு, சம்மதம் இருந்தால் அதிகாரக் குறை மறையும் என்று சொல்கிறது. காரணத்தைப் பற்றி அந்த வாக்கியம் வாய் திறக்கவில்லை. நம் சட்டத்திலேயே 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து இருக்கிறது, ஆகவே இருவரும் கையெழுத்திட்ட தீர்ப்பு அதற்கு இணை என்று வாதாடுவோம். பெரும்பாலும் எடுபடும். எடுபட்டே தீரும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். உங்களுக்குச் சாதகம் என்னவென்றால், வழக்குப் போட்டு வாங்கியவர் அவர். தான் வாங்கிய தீர்ப்பை செல்லாது என்று அவரே பின்னால் வந்து சொன்னால் எந்த நீதிமன்றமும் எளிதில் காது கொடுக்காது. பிரச்சினை வந்தால் மூன்றாம் ஆளிடமிருந்து வரும், அதுவும் ஒரு சொத்துத் தகராறிலோ ஓய்வூதியத்திலோ, "இந்தம்மாவின் இரண்டாவது கல்யாணமே செல்லாது" என்று பத்து வருடம் கழித்து. முந்தைய திருமணம் உயிரோடு இருக்கையில் நடந்த திருமணம் இந்துத் திருமணச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் செல்லாததாகிவிடும். இருதார மணம் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை. அதனால்தான் சார்பதிவாளர் தயங்குகிறார். அவர்மேல் முழுக் கோபம் வேண்டாம்.

இனி காகிதம். கையில் இருக்கும் பிடிஎஃப்-ஐ அச்செடுத்து நீட்டினால் எங்கேயும் நடக்காது. மேலே சொன்ன 1991 வழக்கிலேயே, வெறும் நகல் போதாது, அங்குள்ள இந்திய அரசின் பிரதிநிதி சான்றளித்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு, ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்கும்படி சான்றளிக்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது, 2005 ஜூலையிலிருந்து நமக்கு அது நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவும் உறுப்பினர். ஆகவே முறை இப்படி: வழக்கு நடந்த கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அதை ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பினால் அப்போஸ்டில் தாளைச் சேர்த்துத் தருவார்கள். ஹூஸ்டனில் இருக்கும் தோழி ஒருவர் போதும், நீங்கள் போக வேண்டியதில்லை. தீர்ப்போடு நிறுத்தாமல் அவர் போட்ட மனு, உங்கள் கையெழுத்துள்ள படிவம், மேல்முறையீடு எதுவும் பதிவாகவில்லை என்று காட்டும் வழக்கு விவரப் பட்டியல் ஆகியவற்றுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். தீர்ப்புக்கு மூன்று பிரதி வாங்குங்கள். ஒன்று நீதிமன்றத்தில் போய்விடும், ஒன்று பாஸ்போர்ட்டுக்கு, ஒன்று வீட்டில். இன்னொன்று, அப்போஸ்டில் தாளைத் தீர்ப்போடு ஊசி போட்டிருப்பார்கள். ஜெராக்ஸ் எடுக்க வசதியாக இருக்கும் என்று அந்த ஊசியைப் பிரித்துவிடாதீர்கள். பிரித்த தடம் தெரிந்தால் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கடைக்காரப் பையன் பிரித்த ஊசியால் மீண்டும் ஒருமுறை ஆஸ்டினுக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

சான்றிட்ட நகல் கையில் வந்ததும் நடைமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு உங்கள் பக்கம் வந்து நிற்கும். அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது என்று முதலில் அனுமானிக்க வேண்டும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். காத்திருப்புக் காலம் உங்களுக்குப் பிரச்சினையில்லை. டெக்சாஸ் சட்டப்படி தீர்ப்புக்குப் பின் 31-ஆவது நாளிலிருந்து வேறொருவரை மணக்கலாம்; நம் சட்டத்தின் 15-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. 2021 தீர்ப்புக்கு இரண்டும் எப்போதோ முடிந்துவிட்டன.

சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்களுக்குக் கிடைத்தது கவுண்டரில் வாய்மொழியாக ஒரு "முடியாது". அது உத்தரவு இல்லை. அதை எதிர்த்து எங்கேயும் போக முடியாது. கோயிலிலோ மண்டபத்திலோ இந்து முறைப்படி திருமணம் நடத்திவிட்டுப் பதிவுக்குப் போவது ஒரு வழி. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு கட்டாயம். ஆனால் பதிவாளர் மறுத்தால் கல்யாணம் முடிந்த பிறகு சிக்கல் தொடங்கும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி, 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம். தை மாதத்துக்கு முன்பே அறிவிப்பு கொடுத்து, அதில் உங்கள் நிலையை விவாகரத்தானவர் என்று எழுதி, அப்போஸ்டில் தீர்ப்பை இணைத்துவிடலாம். முப்பது நாள் அறிவிப்பு ஒட்டியிருக்கும். ஆட்சேபம் வந்தால் பதிவு அதிகாரி விசாரித்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு உண்டு. சந்தேகம் இருந்தால் அது கல்யாணத்துக்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லதுதானே. பெரியவர்கள் கேட்டால், பிறகு தாலி கட்டும் சடங்கைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பதிவு அதிகாரி அறிவிப்பை வாங்கவே மாட்டேன் என்றால், அல்லது கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இல்லையென்றால், குடும்ப நீதிமன்றத்துக்குப் போவதுதான் சரி. ஒருவரின் திருமண நிலை என்ன என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகை கேட்டு வழக்குப் போட, 1984-ஆம் வருடக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 7-ஆவது பிரிவு இடம் தருகிறது. மனுவில் கேட்பது விவாகரத்து இல்லை. "இந்தத் தேதியிட்ட டெக்சாஸ் தீர்ப்பால் எங்கள் திருமணம் கலைந்துவிட்டது என்று விளம்ப வேண்டும்" என்பது மட்டும். அவர்தான் எதிர்மனுதாரர். அவர் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் ஆட்சேபம் இல்லை என்று ஒரு பிரமாண பத்திரம் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டால் வழக்கு சில மாதங்களில் முடியும். நோட்டீஸ் கடல் கடந்து போய்த் திரும்ப வேண்டியிருந்தால் ஒரு வருடத்தைத் தாண்டும், தை போய் அடுத்த தை வந்துவிடும். ஆகவே அவரிடம் பேச முடியுமானால் இன்றைக்கே பேசுங்கள், நேரடியாக முடியாவிட்டால் ஒரு வக்கீல் வழியாக.

பலர் சொல்லும் குறுக்கு வழி, இங்கேயே இருவரும் சேர்ந்து 13-பி மனுப் போட்டுவிடலாம் என்பது. ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, காணொலியில் அவர் ஆஜராகலாம் என்றெல்லாம் ஆசை காட்டுவார்கள். ஆனால் அந்த மனுவில் கையெழுத்திடுவது, எங்கள் திருமணம் இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதாகும். இதற்குள் அவர் அங்கே மறுமணம் செய்திருந்தால் அது தன்மேலேயே தான் எழுதிக் கொடுக்கும் இருதார மண வாக்குமூலம். விவரம் தெரிந்த வக்கீல் அவரைக் கையெழுத்திட விடமாட்டார். அவர் இன்னும் தனியாள், ஒத்துழைக்கவும் தயார், உங்கள் தீர்ப்போ பலவீனமான ரகம் என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

பெயருக்கு வருகிறேன். முதலில் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பிப் பாருங்கள். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு ஆதார், பான், சான்றிதழ் எல்லாம் அப்பா இனிஷியலோடு அப்படியே இருக்கும். விசாவுக்காகப் பாஸ்போர்ட்டில் மட்டும் கணவர் பெயர் சர்நேம் கட்டத்தில் ஏறியிருக்கும். உங்களுக்கும் அப்படியே என்றால் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. பாஸ்போர்ட்டில் இரண்டு தனி வேலைகள் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கடைசிப் பக்கத்தில் உள்ள கணவர் பெயரை எடுப்பது ஒன்று. விவாகரத்தானவர்கள் துணைவர் பெயரைத் தர வேண்டியதில்லை, அதற்குத் தீர்ப்பு நகலும் கேட்கப்படாது என்று 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். உங்கள் சர்நேமை மாற்றுவது இன்னொன்று. அதற்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். தீர்ப்பிலேயே உங்கள் பழைய பெயரை மீட்டுத் தரும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். டெக்சாஸில் கேட்டிருந்தால் எழுதித் தருவார்கள். அந்த வரி இருந்தால் வேலை மிக எளிது. இல்லாவிட்டால், அல்லது பாஸ்போர்ட் அலுவலகம் வெளிநாட்டுத் தீர்ப்பைப் பார்த்துத் தயங்கினால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு அதைக் காட்டலாம். அரசிதழ் பெயரை மாற்றும், திருமண நிலையை மாற்றாது. கெசட் வாங்கிவிட்டேன், டைவர்ஸ் உறுதியாகிவிட்டது என்று நினைத்து வந்தவர்களும் உண்டு.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். ஏற்கெனவே கல்யாணத்துக்காக ஒருமுறை மாற்றியிருந்தால், இப்போது அப்பா பெயருக்குத் திரும்புவதோடு அந்த இரண்டும் தீர்ந்துவிடும். இதனாலேயே, புதுக் கணவர் பெயரை எதிலும் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பேன். இது சட்டம் இல்லை, என் அபிப்பிராயம். கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் மனைவியைக் கட்டாயப்படுத்தவில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த வெளிநாட்டு விசாவில் முதல் பெயர் இல்லை என்ற குறியோடு அலைய வேண்டியிருக்கும்.

நான் சொன்னதெல்லாம் இந்துத் திருமணத்துக்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் திருமணங்களுக்குச் சட்டம் வேறு, இதை அப்படியே அவர்களுக்குப் பொருத்திவிடாதீர்கள். குழந்தை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இருந்தால், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று டெக்சாஸ் நீதிமன்றம் சொன்னது இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டிப் போடாது. குழந்தையின் நலனைப் பார்த்து இங்கே மறுபடி முடிவெடுப்பார்கள், அது தனி விஷயம். இப்போதைக்கு ஹூஸ்டன் தோழியிடம் சான்றிட்ட நகலுக்குச் சொல்லிவிட்டு, அந்த முதல் பக்கப் பத்தியிலும் கடைசிப் பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள், பெயர்களையும் வழக்கு எண்ணையும் மறைத்துவிட்டு.